சுரைக்காய்க் கூட்டுக்கு எதற்கு இத்தனை அடைமொழி?

"பாட்டி கைமணத்தில், பாரம்பரிய முறையில், நாவில் எச்சில் ஊறவைக்கும் ஸ்பெஷல் சுரைக்காய்க் கூட்டு! சத்துகளின் களஞ்சியம்!"

தினமும் காலையில் வாட்ஸ்அப்பில் இப்படி ஒரு வரி வந்து விழுகிறது. நேற்று இதே வரி பீர்க்கங்காய்க் கூட்டுக்கு வந்தது. முந்தாநாள் கோஸ் பொரியலுக்கு. காயின் பெயரை மட்டும் மாற்றிவிட்டு மற்றதை அப்படியே ஒட்டி அனுப்புகிறார்கள். திருச்சியில் எங்கள் பக்கத்தில் மட்டும் வீட்டுச் சாப்பாடு செய்து கேரியரில் அனுப்பும் அடுக்களைகள் நாலைந்து இருக்கின்றன. எல்லாவற்றிலும் ஒரே பாட்டிதான் சமைக்கிறாள் போலிருக்கிறது. அவள் எப்போது தூங்குகிறாளோ தெரியவில்லை.

எனக்கு இதில் கோபம் வருவதற்குக் காரணம் இருக்கிறது. இந்த வரிகள் யாருக்கு எழுதப்படுகின்றன என்று பாருங்கள். தெருவில் போகிற புது ஆளைக் கடைக்குள் இழுக்கிற பலகை இல்லை இது. மாதம் முதல் தேதியே பணத்தைக் கட்டிவிட்டு, பதினொன்றரை மணிக்கு வாசல் மணி அடிக்கிறதா என்று காத்திருக்கிற நம் வயதுக்காரர்களுக்கான செய்தி. பிள்ளைகள் வெளியூரிலோ வெளிநாட்டிலோ இருப்பார்கள். வீட்டில் இரண்டு பேர், சில வீடுகளில் ஒரே ஆள். இவர்களை இனிமேல் மயக்கி ஆகவேண்டியது ஒன்றுமில்லை; ஏற்கெனவே வாடிக்கைக்காரர்கள்தான். அவர்களுக்குத் தெரியவேண்டியது வேறு. இன்றைக்கு என்ன வருகிறது, எது மெல்லுவதற்குச் சுலபம், எது காரம், எதில் பாதியை ராத்திரிக்கு எடுத்து வைக்கலாம். "எச்சில் ஊறவைக்கும்" என்பதில் இதற்கெல்லாம் பதில் உண்டா?

அதற்காக, "சாம்பார், ரசம், கூட்டு, பொரியல், மோர்" என்று ரயில்வே கேன்டீன் பட்டியல் மாதிரி மொட்டையாக எழுதினால் போதும் என்பவர்கள் கட்சியிலும் நான் இல்லை. வயதாக ஆக மூக்கும் நாக்கும் கொஞ்சம் மந்தமாகிவிடுகின்றன. தனியாக உட்கார்ந்து சாப்பிடுகிறவருக்குப் பசியே பாதிதான் எடுக்கிறது. நம் வீட்டில் முன்பு சமையல் நடக்கும்போது தாளிக்கும் சத்தமும் வாசனையும் கூடத்துக்கு வந்து, "ஓ, இன்றைக்கு வற்றல் குழம்பா" என்று வயிற்றைத் தயார் செய்துவிடும். கேரியரில் வரும் சாப்பாட்டுக்கு அந்த முன்னறிவிப்பு கிடையாது. மூடியைத் திறந்தால் ஆறிப்போன கூட்டு. ஆகவே அந்த வாசனை செய்த வேலையைக் கொஞ்சமாவது இந்த இரண்டு வரிகள் செய்யவேண்டும். பசியைக் கிளப்பத்தான் வேண்டும். ஆனால் பொய் சொல்லாமல் கிளப்பவேண்டும்.

அது முடியுமா என்றால், முடியும். என் கட்சி இதுதான்: வரியில் இருக்கும் ஒவ்வொரு சொல்லையும் அடுக்களைக்குள் போய் விரலால் தொட்டுக் காட்ட முடியவேண்டும். காட்ட முடியாததை அடித்துவிடுங்கள். மீதி இருப்பதே போதும், பசி தானாக வரும்.

அந்தச் சுரைக்காய்க் கூட்டையே எடுத்துக்கொள்வோம். அதைவிடச் சாதுவான பண்டம் தமிழ்ச் சமையலில் இருக்கிறதா என்று சந்தேகம். நிறமும் இல்லை, காரமும் இல்லை. யாரும் அதைக் கேட்டு வாங்கிச் சாப்பிட்டதில்லை. அடைமொழி போட்டுத் தூக்கி நிறுத்தவேண்டிய கட்டாயம் அதற்குத்தான் அதிகம் என்று எழுதுகிறவர்கள் நினைக்கிறார்கள். சரி, முதலில் அடித்துப் பார்ப்போம். பாட்டி: அந்த அடுக்களையில் சமைக்கிறவர் நாற்பத்தைந்து வயது அம்மா, பாட்டி இல்லை. அடி. பாரம்பரிய முறை: குக்கரும் கேஸ் அடுப்பும்தான். அதில் தப்பில்லை, ஆனால் சொல்லை அடி. எச்சில்: என் எச்சிலைப் பற்றி அவர்கள் எப்படிச் சொல்லமுடியும்? ஸ்பெஷல்: பத்து நாளைக்கு ஒருமுறை வருவது எப்படி ஸ்பெஷல்? சத்துகளின் களஞ்சியம்: சுரைக்காயில் பெரும்பகுதி தண்ணீர். அதுவே அதன் அழகு. கடைசியில் மிஞ்சியது "சுரைக்காய்க் கூட்டு" என்ற இரண்டு சொல்தான்.

இனி அடுக்களைக்குள் போவோம். நான் நிஜமாகவே போனேன். எனக்குச் சாப்பாடு அனுப்புகிற அம்மாவிடம், "இதை எப்படிம்மா செய்யறீங்க?" என்று கேட்டேன். சிரித்துவிட்டார். "இதுல என்ன சார் இருக்கு, சாதாக் கூட்டு" என்றார். விடாமல் கேட்டதில் ஒவ்வொன்றாக வந்தது. நகத்தால் கீறினால் இறங்குகிற பிஞ்சுக் காயாக எடுக்கவேண்டும்; முற்றினது என்றால் விதையோடு நடுப்பஞ்சை எடுத்துப் போட்டுவிட வேண்டும். பாசிப்பருப்பைக் குழைய விடாமல் மலர வேகவைக்கவேண்டும். காய்க்குத் தண்ணீர் விடவே கூடாது. உப்புப் போட்டு மூடினால் தானே தண்ணீர் விட்டுக்கொண்டு அதிலேயே வெந்துவிடும். தேங்காய், சீரகம், ஒரே ஒரு பச்சைமிளகாய் அரைத்து விடுவார். கொதி வந்ததும் இறக்கி, தேங்காயெண்ணெயில் கடுகும் கறிவேப்பிலையும் தாளித்துக் கொட்டி, உடனே மூடிவிடுவார். "அந்த மூடி போடறதுதான் சார் விஷயம். திறந்து வெச்சா வாசனை போயிடும்" என்றார்.

சாதாக் கூட்டில் என்ன இருக்கிறது என்று கேட்டவரிடம் இத்தனை இருந்தது! இதில் பாதியை எழுதினால் போதும்:

"சுரைக்காய்க் கூட்டு: பிஞ்சுக் காய், பாசிப்பருப்பு. தேங்காய், சீரகம் அரைத்துவிட்டு, தேங்காயெண்ணெயில் கறிவேப்பிலை தாளித்தது. காரம் கிடையாது."

இதில் ஒரு புகழ்ச்சிச் சொல்கூட இல்லை. ஆனால் தேங்காயெண்ணெயில் கறிவேப்பிலை என்று படிக்கும்போதே நம்மில் பலருக்கு ஒரு சமையற்கட்டு ஞாபகம் வரும். பாட்டியை அவரவரே நினைத்துக்கொள்வார்கள். அவளை வாட்ஸ்அப்பில் அனுப்பவேண்டியதில்லை.

முப்பது வருஷம் தந்தி ஆபீசில் சொல்லை எண்ணிக் காசு வாங்கியவன் நான். எந்தச் சொல்லை எடுத்தாலும் செய்தி கெடாதோ அதற்கு ஜனங்கள் காசு கொடுக்கமாட்டார்கள். இங்கே சொல்லுக்குக் காசு இல்லை என்பதால் வந்த வினைதான் இதெல்லாம்.

இன்னொன்று. சமையலுக்கு நம் மொழியில் எத்தனை பெயர்கள் இருக்கின்றன! பொரியல், மசியல், கடையல், துவட்டல், பிரட்டல், உசிலி, பொடிமாஸ், பச்சடி, அவியல், துவையல். இவை வெறும் பெயர்கள் இல்லை, ஒவ்வொன்றும் பண்டத்தின் பதத்தைச் சொல்லிவிடுகிறது. முளைக்கீரை மசியல் என்றால் பல் செட் கட்டியவர் நிம்மதியாகச் சாப்பிடலாம். அதே கீரைப் பொரியல் என்றால் பல் இடுக்கில் போய் மாட்டிக்கொள்ளும் என்று தெரிந்து, ரசத்தோடு பிசைந்து கொள்ளலாம் என்று முடிவு செய்வார். "ஹெல்தி கீரை" என்று மட்டும் எழுதினால் அவர் மூடியைத் திறந்த பிறகுதான் தெரியும். வாழைக்காய் வறுவல் வேறு, வாழைக்காய்ப் பொடிமாஸ் வேறு. இரண்டையும் "வாழைக்காய் ஃப்ரை" என்று எழுதுகிற ஓர் அடுக்களையை நான் அறிவேன். பொடிமாஸ் என்ற ஒரு சொல்லிலேயே வேகவைத்து, துருவி, இஞ்சி சேர்த்து, இறக்கி எலுமிச்சம்பழம் பிழிந்தது எல்லாம் அடங்கிவிடுகிறதே, அதை ஏன் தூக்கி எறியவேண்டும்?

சில சொற்கள் கேட்க நன்றாக இருக்கும். ஆனால் அவை வாக்குறுதிகள். "அரைத்துவிட்ட சாம்பார்" என்றால் தனியா, கடலைப்பருப்பு, மிளகாயை அன்றைக்கு வறுத்து, தேங்காயோடு அரைத்துவிட்டது என்று அர்த்தம். டப்பாவிலிருந்து பொடி போட்டுக் கொதிக்கவைத்ததற்கு அந்தப் பெயர் கிடையாது. பொடி போட்ட சாம்பார் ஒன்றும் மட்டம் இல்லை. வாரத்தில் ஐந்து நாள் எல்லா வீட்டிலும் அதுதான். "முருங்கைக்காய் சாம்பார், பொடி போட்டது, கொஞ்சம் நீர்க்க இருக்கும்" என்று எழுதினால் எவரும் குறை சொல்லப்போவதில்லை. அரைத்துவிட்டது என்று எழுதிப் பொடி போட்டால், இத்தனை வருஷம் சாப்பிட்ட நாக்கு முதல் கவளத்திலேயே கண்டுபிடித்துவிடும். அதன் பிறகு அந்த அடுக்களை "நெய்யில் தாளித்தது" என்று உண்மையாகவே எழுதினாலும் நம்பமாட்டோம். நெய், செக்கெண்ணெய், நாட்டுக்காய், இவையும் இந்த வகைதான். மிளகு கொஞ்சம் தூக்கலாகப் போட்டதையெல்லாம் செட்டிநாடு என்று அழைப்பவர்களுக்கு, கல்பாசியையும் மராட்டி மொக்கையும் கண்ணால் பார்த்தாயா என்று கேட்கவேண்டும் போலிருக்கிறது.

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். நம் வயதுக்காரர்கள் மத்தியானச் சாப்பாட்டில் பாதியை ராத்திரிக்கு எடுத்து வைக்கிறோம். எந்த அடுக்களைக்காரருக்கும் இது தெரியும். ஆனால் யாரும் இதைப் பற்றி எழுதுவதில்லை. தேங்காய் அரைத்துவிட்ட கூட்டு திருச்சி வெயிலில் வெளியே இருந்தால் சாயங்காலத்துக்குள் புளித்துவிடும். மூடியைத் திறந்தால் ஓரத்தில் சின்னச் சின்னக் குமிழி தெரியும், கரண்டியில் எடுத்தால் இழையும். மூக்கு சரியாக வேலை செய்கிறவருக்குத்தான் அந்த வாடை தெரியும். எங்கள் தெருவில் எண்பது வயதுப் பெரியவர் ஒருவர் போன சித்திரையில் அப்படி ஒரு கூட்டை ராத்திரி ரசம் சாதத்தோடு சாப்பிட்டுவிட்டு இரண்டு நாள் படுத்துவிட்டார். அன்றைய செய்தியில் அந்தக் கூட்டு "அமிர்தம்" என்று வர்ணிக்கப்பட்டிருந்தது. "தேங்காய் அரைத்தது, ராத்திரிக்கு வைக்கவேண்டாம்" என்று நாலு சொல் இருந்திருந்தால் அவர் வைத்திருக்கமாட்டார். வற்றல் குழம்பு அப்படி இல்லை. புளியும் நல்லெண்ணெயும் சேர்ந்து சுண்டக் காய்ந்தது. தேங்காய் சேர்க்காமல் செய்திருந்தால் ராத்திரிக்குத் தாராளமாகத் தாங்கும். அதையும் எழுதலாம். எழுதினால் அது குழம்புக்குப் பெருமைதான்.

வெல்லமும் இப்படித்தான். வற்றல் குழம்பில், பூசணிக்காய்ப் புளிக்கூட்டில், சிலர் சாம்பாரிலும்கூட, இறக்கும்போது ஒரு துண்டு வெல்லம் போடுவது வழக்கம். ருசியை ஒன்று சேர்க்கும். நானும் விரும்பிச் சாப்பிடுகிறவன்தான். ஆனால் சர்க்கரை வியாதிக்காரர் தன் கணக்குக்காகவாவது தெரிந்துகொள்ளவேண்டாமா? "கொஞ்சம் வெல்லம் சேர்ந்தது" என்று எழுதினால் வேண்டுகிறவருக்கு அது ஆசையைத் தூண்டும், வேண்டாதவரைக் காப்பாற்றும். பூண்டு, வெங்காயமும் அப்படியே. அமாவாசை அன்றைக்குப் பூண்டு ரசம் வந்து இறங்கினால், பாதி வீடுகளில் அது அப்படியே வாஷ்பேசினுக்குத்தான் போகும்.

இதற்கு நேர்மாறாக, எழுதவே கூடாத ஒன்றும் உண்டு. "சர்க்கரை நோயாளிகளுக்கான தினைப் பொங்கல்" என்று ஓர் அடுக்களை அனுப்புகிறது. தினையும் மாவுச்சத்துத்தான், வயிறு நிறைய சாப்பிட்டால் சர்க்கரை ஏறத்தான் செய்யும். அந்த வரியை நம்பி இரண்டு கரண்டி அதிகம் போட்டுக்கொள்கிறவர் இருக்கிறார். "தினையும் பாசிப்பருப்பும் குழைய வேகவைத்து, மிளகு, சீரகம் நெய்யில் தாளித்தது" என்று எழுதுங்கள். யார் எவ்வளவு சாப்பிடலாம் என்பதை அவரவர் டாக்டர் சொல்லட்டும். இது வெறும் நியாயம் மட்டும் இல்லை, சட்டமும்கூட. 2006-ஆம் வருஷத்து உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில், உணவின் தன்மையையோ தரத்தையோ பற்றித் தவறான எண்ணம் தரும் விளம்பரத்துக்குப் பத்து லட்சம் ரூபாய் வரை அபராதம் உண்டு. வாட்ஸ்அப்பில் கூட்டு விற்கிறவரைத் தேடி அதிகாரி வருவாரா என்று கேட்டால், வரமாட்டார்தான். இருந்தாலும் சட்டம் எந்தப் பக்கம் நிற்கிறது என்று தெரிந்திருப்பது நல்லது.

அந்த அம்மாவின் பையன்தான் செய்தி எழுதுகிறவன். நல்ல பையன், ஆனால் என்னோடு ஒத்துப்போகவில்லை. "சார், எல்லாரும் போடறாங்க. நாம மட்டும் சாதாவா போட்டா, நம்ம சாப்பாடு சாதான்னு நெனச்சுக்குவாங்க" என்றான். ஒரு விதத்தில் அவன் சொல்வது சரி. புதிதாக ஆள் சேர்க்கிற நோட்டீசில் அடைமொழி ஒரு நாளைக்கு உதவும். ஆனால் தினசரிச் செய்தி முப்பது நாளும் அதே ஆள்தான் படிக்கிறார். மூன்றாம் நாளே அவர் கண் அந்தச் சொற்களைத் தாண்டிப் போகப் பழகிவிடும். தாண்டும்போது, உண்மையாகச் சொல்லவேண்டிய "ராத்திரிக்கு வைக்கவேண்டாம்" என்பதையும் சேர்த்துத் தாண்டிவிடுவார். அதுதான் என் பயம். "சாதாவா எழுதச் சொல்லலே தம்பி, உங்க அம்மா செஞ்சதை எழுதச் சொல்றேன்" என்றேன்.

இதில் நடைமுறைச் சிக்கல் ஒன்று உண்டு. முதல் நாள் ராத்திரியே மறுநாள் வரிகளை எழுதி வைத்துவிடுகிறான். காலையில் காந்தி மார்க்கெட்டிலிருந்து பிஞ்சு வராமல் முற்றல் சுரைக்காய் வந்தால் என்ன செய்வது? வரியில் பிஞ்சு, கேரியரில் பஞ்சு. சில நாள் காயே மாறிவிடும். ஆகவே ராத்திரி வெறும் பெயர்ப்பட்டியல் அனுப்பினால் போதும். வேண்டாம் என்கிறவர்கள் சொல்லிவிடுவார்கள். விவரத்தைக் காலை ஒன்பதரைக்கு, தாளித்து முடித்த பிறகு எழுதவேண்டும். காய் முற்றலாக வந்த நாளில் பிஞ்சு என்ற சொல்லை எடுத்துவிட்டு, "விதை நீக்கி, நன்றாக வேகவைத்தது" என்று எழுதலாம். அதுவும் உண்மை, அதுவும் கேட்க நன்றாகத்தான் இருக்கிறது.

ஒரு செவ்வாய்க்கிழமை அவன் அம்மாவைச் சொல்லச் சொல்லி நானும் அவனுமாக எழுதியது இது:

"மணத்தக்காளி வற்றல் குழம்பு: வற்றலை நல்லெண்ணெயில் வறுத்து, புளியும் எண்ணெயும் பிரியும் வரை கொதித்தது. புளிப்பும் காரமும் உண்டு. கொஞ்சம் வெல்லம் சேர்ந்தது. தேங்காய் இல்லை, ராத்திரிக்கு வைக்கலாம்.

சுரைக்காய்க் கூட்டு: பிஞ்சுக் காய், பாசிப்பருப்பு, தேங்காய், சீரகம். காரம் கிடையாது, குழம்புக்குத் தொட்டுக்கொள்ள. மத்தியானமே சாப்பிட்டுவிடவும்.

வாழைக்காய்ப் பொடிமாஸ்: இஞ்சி, எலுமிச்சம்பழம். மிருதுவாக இருக்கும்.

மிளகு ரசம்: பருப்பு போடாதது. நுரை கட்டியதும் இறக்கி, நெய்யில் தாளித்தது. பூண்டு இல்லை.

சாதம், மோர்."

சாதத்துக்கும் மோருக்கும் ஒன்றும் எழுதவில்லை, கவனித்தீர்களா? எல்லாவற்றுக்கும் எழுதினால் எதையும் படிக்கமாட்டார்கள். சொல்ல ஒன்றும் இல்லாத இடத்தில் பெயரோடு நிறுத்திக்கொள்ளலாம். மோர் ஒரு நாள் புளிப்பு ஏறியிருந்தால் அன்றைக்கு மட்டும் சொல்லட்டும்.

அவனுக்கு இது நீளம் என்று படுகிறது. போனில் ஒரு திரைக்கு மேல் போனால் யாரும் படிக்கமாட்டார்கள் என்கிறான். நம் ஆட்களுக்கு எழுத்தைப் பெரிதாக வைத்துப் படிக்கிற பழக்கம் இருப்பதால் இரண்டு திரை ஆகிவிடுகிறது, உண்மைதான். நான் சொன்ன வழி இது: ராத்திரிக்கு வைக்கலாமா கூடாதா என்பதை ஒவ்வொரு பண்டத்தின் கடைசியிலும் தேடவைக்காமல், செய்தியின் முதல் வரியாகவே போட்டுவிடு. மற்றது நீண்டாலும் பரவாயில்லை, பொழுது போகாதவர்கள் படிப்பார்கள். இந்த வாரம் அப்படித்தான் வருகிறது. ஞாயிற்றுக்கிழமைப் பாயசத்துக்கு மட்டும் "ஸ்பெஷல்" என்று போடுவேன் என்று பிடிவாதமாக இருக்கிறான். வாரத்துக்கு ஒருநாள்தான் பாயசம். போட்டுக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டேன். அது சேமியாவா, பருப்பா, அதில் சர்க்கரையா வெல்லமா என்பதையும் சேர்த்து எழுதவேண்டும் என்ற நிபந்தனையோடு.